பாட்டுக்குக் கீழே யார் பெயர்?

கந்தர்வகோட்டைப் பக்கத்துச் சேரியிலிருந்து ஒரு தம்பி போன மாதம் என்னைத் தேடிக்கொண்டு புதுக்கோட்டைக்கு வந்தான். கையில் ஒரு செல்போன், காதில் மாட்டுகிற வயர், வேறொன்றும் இல்லை. “அண்ணே, பாட்டு முடிஞ்சிருச்சு. கேப்சன் மட்டும் நீங்க எழுதிக் கொடுங்க. எனக்குப் பாட வரும், எழுத்து வராது” என்றான். பாட்டை வெளியிடுகிறபோது அதற்குக் கீழே போடுகிற ஐந்தாறு வரியைத்தான் கேப்சன் என்கிறார்கள். என்ன பாட்டு, எப்போது வருகிறது, எங்கே கேட்கலாம், பாட்டு எப்படிப் பிறந்தது என்று அதில் இருக்கும். நான் கவிதையை விமர்சித்திருக்கிறேன், நாவலை விமர்சித்திருக்கிறேன். இதையெல்லாம் ஒரு பிரதியாக நினைத்ததில்லை. அவன் எழுதிவைத்திருந்த நாலு வரியைப் படித்த பிறகு நினைக்க வேண்டியதாயிற்று.

அவன் எழுதியிருந்தது இது: “என் புது சிங்கிள். பாரம்பரிய ஒப்பாரி. லிங்க் பயோவில். சப்போர்ட் பண்ணுங்க.”

பாட்டைக் கேட்டேன். முதல் ஐம்பது விநாடி ஒரு கிழவியின் குரல். பின்னால் நாய் குரைக்கிறது, யாரோ சேர் இழுக்கிற சத்தம். 2019-இல் தாத்தா செத்தபோது அப்பாயி மாரடித்து அழுததை இவன் போனில் பிடித்து வைத்திருக்கிறான். அதற்குப் பிறகு பறை இறங்குகிறது. முந்திரிக்கொட்டை உடைத்து அந்தப் பாலில் வெந்துபோன அப்பாயியின் விரல்களைப் பற்றி இவன் பேச்சும் பாட்டுமாகச் சொல்லிக்கொண்டு போகிறான். அப்பாயியும் இப்போது இல்லை.

“இதுல பாரம்பரியம்னு எதைடா சொல்ற?” என்று கேட்டேன்.

“அப்பாயி பாடுனதத்தாண்ணே. அது யார் எழுதுனதுன்னு தெரியாதுல்ல.”

“உங்க தாத்தா பேரச் சொல்லி, அவரு மாட்டச் சொல்லி, அவரு போட்ட சண்டையச் சொல்லி அழுவுது. இத வேற யாருடா எழுதியிருக்க முடியும்?”

அவன் பேசவில்லை. இந்த ‘பாரம்பரியம்’ என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அதற்குப் போக, எல்லாரும் அறிந்த ஒரு பாட்டின் தலைப்பு வரி வழியாகப் போக வேண்டும்.

2021 மார்ச் 7, ஞாயிற்றுக்கிழமை, ‘மாஜா’ என்ற நிறுவனத்தின் யூடியூப் பக்கத்தில் ஒரு பாட்டு வந்தது. தலைப்பு வரி இப்படி: Dhee ft. Arivu - Enjoy Enjaami (Prod. Santhosh Narayanan). சினிமாப் பாட்டு அல்ல, தனிப்பாட்டு. கோடிக்கணக்கில் கேட்டார்கள். பாட்டின் கதை என்ன என்று எல்லாரும் கேட்டபோது வந்த பதில் அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, ஒரு குழி நிலம்கூட இல்லாமல் திரும்பிவந்த தலைமுறையின் கதை. நம்ம மாவட்டத்துக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்துப் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலிருந்தும் திருச்சி, ராமநாதபுரம் சீமைகளிலிருந்தும் கங்காணிக்குப் பின்னால் போன சனம் கொஞ்சநஞ்சமல்ல. 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு மண்டபம் முகாம் வழியாகத் திரும்பிவந்தவர்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

இப்போது அந்தத் தலைப்பு வரியைத் திரும்பப் படியுங்கள். முதலில் நிற்பது ஒரு பெயர். அடுத்து ft. என்ற இரண்டு எழுத்து. அதற்குப் பிறகு இன்னொரு பெயர். அடைப்புக்குள் மூன்றாவது பெயர். அந்த இரண்டு எழுத்துக்கு ‘உடன் பங்கேற்பவர்’ என்று பொருள். பாட்டு முதல் பெயருக்கு உரியது, இரண்டாமவர் விருந்தாளி. பாட்டுத்தளங்களின் இயந்திரமும் அப்படித்தான் புரிந்துகொள்கிறது. முதன்மைக் கலைஞரின் பக்கத்தில் அது அவருடைய வெளியீடாக நிற்கும். விருந்தாளியின் பக்கத்தில் ‘இவர் இடம்பெற்றவை’ என்று தனி வரிசையில் கீழே கிடக்கும். பத்திரிகைக்காரன், விழா நடத்துகிறவன், விளம்பரப் பலகை வைக்கிறவன் எல்லாரும் அந்த முதல் பெயரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கதை பாட்டியுடையது, பேரன் விருந்தாளி. தன் பாட்டி வீட்டுக்குள்ளேயே ஒருவன் விருந்தாளியாக நிற்கிற இலக்கணம் அந்த வரியில் இருந்தது.

இதில் யாருடைய கெட்ட எண்ணத்தையும் நான் தேடவில்லை. தீ பாடியது பொய்யல்ல. எந்தக் கலைஞரை முன்னிறுத்தி வெளியிடுகிறார்களோ அவர் பெயர் முதலில் வருவது இந்தத் தொழிலின் வழக்கம்தான். ஆனால் வழக்கம் என்பது யார் போட்டது, யாருக்கு வசதியானது என்று கேட்பது விமர்சனத்தின் வேலை. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ பத்திரிகையின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் வந்தார்கள். ‘எஞ்சாய் எஞ்சாமி’யையும் ‘நீயே ஒளி’யையும் முன்வைத்து வந்த அட்டை அது. இரண்டு பாட்டிலும் தமிழ் வரிகள் அறிவுடையவை. அறிவு அட்டையில் இல்லை. பா.ரஞ்சித் அதைப் பகிரங்கமாகக் கேட்ட பிறகு, சர்ச்சை பெருகிய பிறகு, அறிவுக்கும் ஒரு மின்னட்டை வந்தது. அடுத்த வருஷம் 2022 ஜூலை 28, சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டை மேடையில் பாடினார்கள். அறிவு அங்கே இல்லை. சில நாளில் அவர் இன்ஸ்டாகிராமில் எழுதினார்: இந்தப் பாட்டை நான்தான் மெட்டமைத்தேன், எழுதினேன், பாடினேன், நடித்தேன், யாரும் எனக்கு ஒரு மெட்டோ ஒரு சொல்லோ கொடுக்கவில்லை என்ற பொருளில். சந்தோஷ் நாராயணன் பதில் எழுதினார்: இசையமைத்ததும் தயாரித்ததும் தான், வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்று. 2024 மார்ச்சில் அவரே, இதுவரை எங்கள் மூவருக்கும் இந்தப் பாட்டிலிருந்து வருமானம் வரவில்லை என்று சொன்னார். நிறுவனம் அவர் சொன்னதை ஏற்கவில்லை.

யார் மெட்டமைத்தார் என்பதற்கு நான் சாட்சி அல்ல. அந்த அறையில் நான் இல்லை. நான் கவனிப்பது ஒன்றை மட்டும். கேப்சனில் எழுதியிருக்க வேண்டியதை ஒரு கலைஞன் ஒன்றரை வருஷம் கழித்துத் தன் சொந்தப் பக்கத்தில் எழுத வேண்டிவந்தது. அதுவும் வெளியீட்டு நாளில் எழுதினால் அது தகவல். பிறகு எழுதினால் அது ‘சர்ச்சை’. அதே சொற்கள்தான், நாள் மட்டும் மாறுகிறது.

இது இன்றைக்கு வந்த வம்பு இல்லை. தமிழில் இதற்கு ஒரு மூலக்கதை இருக்கிறது. தேவாரப் பதிகங்களில் சம்பந்தர் கடைசிப் பாட்டில் தன் பெயரைச் சொல்வார், காழி என்று ஊரைச் சொல்வார், இந்தப் பத்தையும் பாடினால் இன்ன பலன் என்று சொல்வார். திருக்கடைக்காப்பு என்று அதற்குப் பெயர். யார், எந்த ஊர், எத்தனை பாட்டு, கேட்டால் என்ன கிடைக்கும். என் கண்ணுக்கு இதுதான் தமிழின் முதல் கேப்சன். பாட்டுக்குள்ளேயே தைத்துவிட்டதால் யாரும் பிரிக்க முடியாது.

அந்தப் பதிகங்களுக்கு யாழ் வாசித்துக்கொண்டு கூடவே போனவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். பாணர் சாதி. கூட அவர் மனைவி மதங்கசூளாமணி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணம் சொல்கிற கதை இது: தருமபுரத்தில் பாணரின் உறவுக்காரர்கள், இவர் யாழில் வாசிக்கிறதால்தான் பதிகத்துக்கு இவ்வளவு பேர் என்று சொல்லிவிடுகிறார்கள். பாணர் நடுங்கிப்போகிறார். யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடி அவர்களுக்குக் காட்டுங்கள் என்று அவரே சம்பந்தரிடம் வேண்டுகிறார். சம்பந்தர் பாடுகிறார். யாழ் தோற்கிறது. பாணர் யாழை உடைக்கப் போகிறார், சம்பந்தர் தடுக்கிறார். யாழ்மூரிப் பதிகம் என்று அதைப் பக்தியோடு சொல்வார்கள்.

எனக்கு இந்தக் கதையில் பக்தியைவிட அந்த உறவுக்காரர்கள்தான் கண்ணில் நிற்கிறார்கள். அவர்கள் கேட்டது என்ன? எங்க ஆளு வாசிச்சதுக்கும் ஒரு பேரு உண்டுல்ல என்பதுதான். அதற்குக் கிடைத்த பதில், வாத்தியக்காரன் தன் வாத்தியத்தைத் தானே உடைக்கப் போவது. பாணரின் இசைக்குக் கடைக்காப்பு கிடையாது. அவர் வாசித்ததில் ஒரு சுரம்கூட அவர் பெயரில் நம்மிடம் இல்லை. வைதீகப் பிள்ளைக்குக் கடைசிப் பாட்டில் பேரு, பாணனுக்குக் கதையில் பணிவு.

ஒப்பாரி இதைவிட ஒரு படி கீழே. அதில் செத்தவன் பெயர் வரும், அவன் ஊர் வரும், அவன் கட்டிய வேட்டி வரும். அழுகிறவள் பெயர் வராது. அந்த வடிவமே தன்னை மறைத்துக்கொள்கிற வடிவம். அதனால்தான் அதை ‘யாரோ பாடியது’ என்று எடுத்துப்போவது இவ்வளவு சுலபமாக இருக்கிறது. சட்டமும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் ‘இசைப்படைப்பு’ என்றால் அச்சிட்டதோ எழுத்தில் குறித்ததோ ஆக இருக்க வேண்டும். எழுதாத மெட்டு சட்டத்தின் காதில் விழவில்லை. 1994-இல் திருத்திய பிறகுதான் அந்த நிபந்தனை போனது. முப்பத்தேழு வருஷம் எங்கள் அப்பாயிகள் பாடியதெல்லாம் சட்டத்தின்படி இசையே இல்லை, யாராவது குறியீடு போட்டு எழுதிக்கொள்கிற வரைக்கும். எழுதியவன் யார் என்று சொல்ல வேண்டுமா?

தம்பிக்குத் திரும்புகிறேன். அவன் கேப்சனில் மட்டும் ‘பாரம்பரியம்’ என்று எழுதவில்லை. பாட்டைத் தளங்களுக்கு அனுப்பித்தருகிற இடைநிறுவனத்தின் படிவத்திலும் அந்தக் கட்டத்தைத்தான் தொட்டிருந்தான். முதல் பாட்டுக்கு இதைவிட மோசம். டவுனில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்த ஒருவர் இசையமைப்பாளர் இடத்தில் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். இவனுக்கு அது எட்டு மாதம் கழித்துத்தான் தெரியும். பாட்டு வந்தபிறகு தளத்தில் அதன் ‘Credits’ பகுதியைத் திறந்து பார்த்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். யூடியூப் தலைப்பை நினைத்த நேரத்தில் மாற்றிக்கொள்ளலாம். தளங்களுக்குப் போன பெயரை மாற்ற, அனுப்பிய இடைநிறுவனத்துக்கு எழுதித்தான் ஆகவேண்டும். அனுப்பியது அந்தக் கூடத்துக்காரர் கணக்கிலிருந்து. பிறகென்ன?

இந்த முறை படிவத்தை நாங்கள் இரண்டுபேரும் உட்கார்ந்து நிரப்பினோம். பாடலாசிரியர் என்ற இடத்தில் அப்பாயி பெயரை அடித்தால், முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கிறது. அப்பாயிக்கு ஒரே பெயர்தான். கடைசிப் பெயர் என்றால் இந்த நாட்டில் பாதிக்கு சாதிப் பெயர். காலியாக விட்டால் அடுத்த பக்கம் போக மாட்டேன் என்கிறது. “அப்பாயியோட அம்மா பேரு என்னடா?” என்றேன். தெரியவில்லை. வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டான். அந்தப் பெயரைப் போட்டோம். அவன் பாட்டனாரின் மாமியார் பெயர் முதன்முதலாக எழுத்தில் ஏறியது ஒரு இசைப் படிவத்தில்தான் என்று நினைக்கிறேன்.

உரிமை விஷயம் எளிதல்ல. அப்பாயி பாடியது அப்பாயியின் படைப்பு என்றால், அவர் இறந்து அறுபது வருஷம் வரை அது வாரிசுகளுக்கு. வாரிசு இவன் மட்டும் அல்ல. இவன் அப்பா இருக்கிறார், அறந்தாங்கியில் ஒரு அத்தை, திருப்பூரில் ஒரு அத்தை. “அவங்களக் கேக்காம நீ போட்டா, அந்தக் கூடத்துக்காரனுக்கும் உனக்கும் என்னடா வித்தியாசம்?” என்று கேட்டேன். அவனுக்குக் கோபம் வந்தது. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு போய்க் கேட்டிருக்கிறான். ஒரு முழுத்தாளில் எழுதிக்கொண்டார்கள்: வரியிலும் மெட்டிலும் பாதி அப்பாயி பங்கு, அது மூன்று பிள்ளைகளுக்கும் சமம். மீதிப் பாதி இவனுக்கு. பறை வாசித்த சித்தப்பாவுக்குக் கூலி கொடுத்தாகிவிட்டது, ஆனால் நிகழ்த்தியவர் என்று பெயர் வரும். கூலி கொடுத்தால் பெயர் தீர்ந்துவிடாது. 2012 திருத்தம் நிகழ்த்துகிறவருக்கும் தன் பெயரைச் சொல்லச் சொல்கிற உரிமையைக் கொடுத்திருக்கிறது. அதே திருத்தப்படி, எழுதியவரும் மெட்டமைத்தவரும் ராயல்டியில் தம் பங்கை இசை நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாது. எழுதிக்கொடுத்தாலும் செல்லாது. இதைத் தெரியாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் நிறைய.

கேப்சனுக்கு வந்தோம். இன்ஸ்டாகிராமில் 2,200 எழுத்துக்குறி வரை போடலாம். ஆனால் தொட்டு விரிக்காமல் கண்ணில் படுவது சுமார் 125 தான். தமிழில் ‘கி’ என்றால் இயந்திரத்துக்கு இரண்டு குறி, அதனால் நமக்கு எழுபது எண்பது எழுத்துதான் மிச்சம். அந்த எழுபதுக்குள் யார் பெயர் நிற்கிறதோ அதுதான் பாட்டின் பெயர். மற்றதெல்லாம் விரித்துப் படிக்கிற பொறுமைசாலிக்கு. கேப்சனுக்குள் போடுகிற இணைப்பைத் தொட்டால் அங்கே திறக்காது, அதனால்தான் முகப்புக் குறிப்பில் எல்லாத் தளத்துக்கும் சேர்த்து ஒரே இணைப்பு வைக்கிறார்கள். யூடியூப் குறிப்பில் தொட்டால் திறக்கும்.

வெளியீட்டு நாளைப் பற்றியும் தகராறு. 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்கப் புதுப்பாட்டுக்கு வெள்ளிக்கிழமை என்று தொழில்காரர்கள் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பாயி செத்த நாள் இந்த வருஷம் செவ்வாயில் வருகிறது. வெள்ளிக்கு மாற்றலாமே என்று நான்தான் சொன்னேன். “அப்பாயி செவ்வாக்கிழமையாண்ணே பார்த்து செத்துச்சு?” என்றான். செவ்வாய்தான். ஆனால் பாட்டுப்பட்டியலில் சேர்க்கச் சொல்லித் தளத்துக்கு எழுதுகிறவர்கள் குறைந்தது ஏழு நாள் முன்னால் எழுத வேண்டும் என்பதால் மூன்று வாரம் முன்பே அனுப்பிவிட்டான்.

கடைசியில் கேப்சன் இப்படி நின்றது. பெயர்களை மட்டும் விட்டிருக்கிறேன், அவை முதலில் அவன் பக்கத்தில்தான் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டான்:

“பாடியது: என் அப்பாயி (பெயர்). கூடப் பாடுவது அவள் பேரன் (பெயர்).
2019-இல் தாத்தா செத்த அன்று அப்பாயி கட்டிப் பாடிய ஒப்பாரி இது. வரியும் மெட்டும் அவளுடையது. பிற்பாதி வரிகள் என்னுடையது. பறை: சித்தப்பா (பெயர்).
முந்திரிக்கொட்டை உடைத்த விரல் அவளுக்கு. கைரேகை விழாமல் ரேஷன் கடையில் திருப்பி அனுப்பினார்கள்.
செவ்வாய்க்கிழமை வருகிறது, அவள் போன நாள். இணைப்பு முகப்பில்.”

அந்த ரேஷன் கடை வரி என்னுடையதில்லை. அவன் போகிற போக்கில் சொன்னான், எழுதிக்கொண்டேன். ‘சப்போர்ட் பண்ணுங்க’ என்பதை நான் அடித்துவிட்டேன். அவன் இன்னும் அதற்கு வருத்தப்படுகிறான்.

எனக்கு ஒரு கவலை மிச்சம் இருந்தது. கேப்சன் பாட்டோடு ஒட்டி இருப்பதில்லை. நாளைக்கு யாரோ முப்பது விநாடியை வெட்டித் தன் கல்யாண வீடியோவுக்குப் போடுவான், கேப்சன் இங்கேயே கிடக்கும். அப்போது 1902-இல் கல்கத்தாவில் இசைத்தட்டுக்குப் பாடிய கௌஹர் ஜானைப் பற்றி அவனிடம் சொன்னேன். பாட்டு முடிகிற இடத்தில் அவர் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிவிடுவார். தட்டுகளை ஜெர்மனிக்கு அனுப்பி அச்சடித்தார்கள், அங்கே எந்தக் குரல் யாருடையது என்று தெரிய வேண்டும் என்பதற்காக. அறிவும் 2024-இல் தன் தொகுப்புக்கு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று பெயர் வைத்தார். அதை யாரும் ft. போட்டு ஓரத்தில் தள்ள முடியாது.

தம்பி கேட்டுக்கொண்டிருந்தான். அடுத்த நாள் கோப்பை மாற்றி அனுப்பியிருந்தான். பறை நின்ற பிறகு இரண்டு விநாடி ஒன்றுமில்லை. அப்புறம் போன் பதிவின் இன்னொரு துண்டு. பக்கத்து வீட்டுப் பெண் கூப்பிடுகிறாள், அப்பாயியின் பெயரைச் சொல்லி, “எந்திரி ஆத்தா, ஒரு வாய் தண்ணி குடி” என்று.